கடைசிச் சுற்றுவரை வந்தவருக்கு 'இல்லை' என்று எழுதுவது

"எங்கள் பிரிவுக்கு ஒரு கணக்கு மேலாளர் தேடினோம். நான்கு சுற்று முடிந்து கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவரை எடுப்பதாக முடிவு செய்துவிட்டோம். இன்னொருவரும் நன்றாகத்தான் செய்தார். மனசு நோகாமல் அவருக்குச் சுருக்கமாக ஒரு மெயில் அனுப்ப வேண்டும். மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். காரணம் சொல்லலாமா, கூடாதா? ஹெச்.ஆர். வைத்திருக்கும் டெம்ப்ளேட்டையே அனுப்பிவிடலாமா?"

எழுத உட்காருவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தவர் ஆஃபரை எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டாரா? நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள் என்பது ஒன்று, அவர் ஒப்புக்கொண்டார் என்பது வேறு. சம்பளப் பேச்சில் முறிந்துபோகலாம். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் சம்பளத்தை உயர்த்திக்கொடுத்து அவரை நிறுத்திக்கொள்ளலாம். அப்படி நடந்தால் நீங்கள் அடுத்த நிமிடம் தேடப்போவது இந்த இரண்டாமவரைத்தான்.

ஒப்புதல் இன்னும் வரவில்லை என்றால் மறுப்பு மெயிலை அனுப்பாதீர்கள். அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. கடைசிச் சுற்று முடித்தவர் ஒவ்வொரு நாளும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கையில் வேறொரு ஆஃபர் இருந்து, அதற்குக் கெடு நெருங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே ஒரு சின்ன மெயில் போகட்டும்: "இன்னும் முடிவை அறிவிக்கும் நிலையில் இல்லை. வியாழக்கிழமை மாலைக்குள் எந்த நிலவரமானாலும் எழுதுகிறேன். அதற்கு முன் நீங்கள் வேறெங்காவது பதில் சொல்ல வேண்டியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்." இதில் கடைசி வரி முக்கியம். உங்கள் பதிலுக்காகக் காத்திருந்து அவர் இன்னொரு வேலையை இழந்துவிட்டால், பிறகு எவ்வளவு இதமாக எழுதினாலும் அதை ஈடுகட்ட முடியாது. வியாழன் என்று சொன்னால் வியாழன் எழுத வேண்டும், சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும். ஒரு வாரத்தைத் தாண்டுகிறது என்றால் நான் உண்மையையே சொல்லிவிடுவேன்: "வேறொருவருக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறோம், அவர் பதில் வரவில்லை, அடுத்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்." காத்திருப்பதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானித்துக்கொள்வார்.

ஒப்புதல் வந்துவிட்டது என்றால் அன்றைக்கே, தவறினால் மறுநாள் எழுதிவிடுங்கள்.

இப்போது டெம்ப்ளேட். பெரும்பாலும் எல்லா இடத்திலும் இருப்பது இந்த மாதிரிதான்: "எங்கள் நிறுவனத்தின் மீது நீங்கள் காட்டிய ஆர்வத்துக்கு மனமார்ந்த நன்றி. உங்களைச் சந்தித்து உரையாடியதில் மிக்க மகிழ்ச்சி. தகுதி வாய்ந்த ஏராளமான விண்ணப்பங்கள் வந்த நிலையில், நீண்ட ஆலோசனைக்குப் பின், இம்முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். உங்கள் விவரங்களைக் கோப்பில் வைத்திருந்து, வருங்காலத்தில் பொருத்தமான வாய்ப்பு வரும்போது தொடர்புகொள்வோம்."

முதல் கட்டத்திலேயே கழிந்துபோன 200 பேருக்கு இது சரி. கடைசி இரண்டு பேரில் ஒருவருக்கு இது காயம். ஏன் என்றால், முதலில், போனில் மெயில் வந்ததும் கண்ணில் படுவது தொடக்க வரி மட்டும்தான். "மனமார்ந்த நன்றி, மிக்க மகிழ்ச்சி" என்று பார்த்ததும் கிடைத்துவிட்டது என்று நினைப்பார். திறந்து மூன்றாவது வாக்கியத்துக்கு வரும்போதுதான் விஷயம் தெரியும். இதமாக இருக்கட்டும் என்று முன்னால் வைத்த அந்த இரண்டு வரிகள்தான் விழுகிற உயரத்தைக் கூட்டிவிடுகின்றன. அடுத்தது, "ஏராளமான விண்ணப்பங்கள்" என்பது இவரிடம் சொல்லக்கூடிய பேச்சே இல்லை. தன்னோடு போட்டியில் நின்றது ஒருவரோ இருவரோ என்று அவருக்குத் தெரியும். நான்கு முறை முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசியவர்கள் இப்போது தன்னைக் கூட்டத்தில் ஒருவராக ஆக்கிவிட்டார்கள் என்றுதான் அதைப் படிப்பார்.

"கோப்பில் வைத்திருப்போம்" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அந்தக் கோப்பை யார், எப்போது திறந்து பார்ப்பார் என்று உங்களால் சொல்ல முடிந்தால் மட்டும் எழுதலாம். ஆறு மாதத்தில் இன்னொரு இடம் உறுதியாக வரப்போகிறது என்றால், "ஆறு மாதத்தில் இன்னொரு இடம் வரலாம், அப்போது எழுதினால் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேளுங்கள். அது உண்மையான கேள்வி, அவர் ஆம் இல்லை என்று பதில் சொல்லலாம்.

உங்கள் வேலையின் விவரம் எனக்குத் தெரியாது என்பதால் ஒரு நிலவரத்தை நானே வைத்துக்கொள்கிறேன். இந்த மேலாளர் வந்ததும் முதல் ஆறு மாதம் பழைய கணக்கு மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலைதான். நீங்கள் தேர்ந்தெடுத்தவர் வேறொரு இடத்தில் அதை முழுதாகச் செய்து முடித்தவர். இரண்டாமவர் அந்த மாதிரி மாற்றத்தில் இருந்ததில்லை. ஆனால் கடைசிச் சுற்றில் கொடுத்த மாதிரிக் கணக்கில் ஒரே பில் இரண்டு தேதியில் பதிவாகியிருந்ததை அவர்தான் பிடித்தார், விற்பனைப் பிரிவுக்காரருக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். அப்படியென்றால் நான் இப்படி எழுதுவேன்:

பொருள்: கணக்கு மேலாளர் பணி: எங்கள் முடிவு

வணக்கம் (பெயர்),

கணக்கு மேலாளர் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். நான்கு சுற்றுக்கும் நேரம் ஒதுக்கித் தயாராகி வந்த உங்களுக்கு இதை எழுதுவது வருத்தமாக இருக்கிறது.

முதல் ஆறு மாதம் மென்பொருள் மாற்றம்தான் இந்தப் பணியின் பெரும்பகுதி. அதை ஒருமுறை முழுதாகச் செய்து முடித்த அனுபவம்தான் முடிவைத் தீர்மானித்தது.

மாதிரிக் கணக்கில் இரண்டு முறை பதிவாகியிருந்த பில்லை நீங்கள் பிடித்ததும், அதைக் கணக்கு தெரியாதவருக்கும் புரியும்படி விளக்கியதும் எங்கள் மூவருக்கும் நினைவில் இருக்கிறது.

விரும்பினால் இந்த வாரத்தில் பத்து நிமிடம் போனில் பேசலாம். இல்லையென்றால் இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

அன்புடன்,
(உங்கள் பெயர், நேரடி எண்)

இதை ஒரு நிமிடத்துக்குள் படித்துவிடலாம். முடிவு முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. "துரதிர்ஷ்டவசமாக" என்று தொடங்கவில்லை பாருங்கள். அந்தச் சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் மீதி வரிகளை யாரும் படிப்பதில்லை. "உங்களைத் தேர்வு செய்யவில்லை" என்பதற்குப் பதிலாக "வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்று எழுதியதற்குக் காரணம், நடந்தது அதுதான். இருந்தது ஒரு இடம், அது போய்விட்டது. இதில் சந்தேகத்துக்கும் இடமில்லை. "இப்போதைக்கு முன்னெடுத்துச் செல்ல முடியவில்லை" என்று பூசி மெழுகினால், கதவு இன்னும் திறந்திருக்கிறதோ என்று அவர் இரண்டு வாரம் யோசித்துக்கொண்டிருப்பார்.

பாராட்டு வரியில் ஒரே ஒரு சம்பவம் இருக்கிறது. "உங்கள் திறமையும் ஆர்வமும் எங்களைக் கவர்ந்தன" என்பதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். பில்லைப் பிடித்த கதையை இவருக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். அந்த அறையில் நீங்கள் கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. ஆனால் இரண்டு மூன்று என்று அடுக்காதீர்கள். பாராட்டு கூடக்கூட "அப்புறம் ஏன் என்னை எடுக்கவில்லை?" என்ற கேள்விதான் பெரிதாகும்.

காரணம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். கடைசிச் சுற்றுவரை வந்தவருக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. ஆட்தேர்வில் எது நியாயம் என்று மனிதர்கள் உணர்கிறார்கள் என்பதை ஸ்டீபன் கில்லிலண்ட் என்ற ஆய்வாளர் 1993-ல் பத்து விதிகளாகத் தொகுத்தார். தாமதமில்லாமல் முடிவு சொல்வது, முடிவுக்கு விளக்கம் தருவது, நேர்மையாக இருப்பது என்று மூன்றும் அதில் தனித்தனியாகவே வருகின்றன. ஒன்று இருந்தால் இன்னொன்று தேவையில்லை என்று இல்லை. என் அனுபவமும் அதுதான்: காரணம் தெரியாதவர்கள்தான் நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைத்து, சம்பளம் அதிகமாகக் கேட்டுவிட்டேனோ, அந்த ஒரு கேள்விக்குத் தடுமாறியதாலோ என்று தாங்களாகவே ஒன்றைக் கற்பித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் எந்தக் காரணம் என்பதில் கவனம் வேண்டும். அது அந்த வேலையின் தேவையைப் பற்றியதாக இருக்க வேண்டும், விளம்பரத்திலோ நேர்காணலிலோ ஏற்கெனவே பேசப்பட்டதாக இருக்க வேண்டும், உண்மையாகவும் இருக்க வேண்டும். மேலே உள்ள மெயிலில் "உங்களுக்கு அனுபவம் போதாது" என்று எழுதவில்லை. "இந்த வேலைக்கு இந்த ஒரு அனுபவம் முடிவைத் தீர்மானித்தது" என்று எழுதியிருக்கிறது. முதலாவது அவரை எடைபோடுகிறது. இரண்டாவது வேலையைப் பற்றிப் பேசுகிறது, அதை அவரே சரிபார்த்துக்கொள்ளவும் முடியும். உண்மையாக இருக்க வேண்டும் என்று சொன்னதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பது ஓரிரு மாதத்தில் லிங்க்ட்இன்னில் தெரிந்துவிடும். "இன்னும் கூடுதல் ஆண்டு அனுபவம் தேவைப்பட்டது" என்று எழுதிவிட்டு, வந்தவர் இவரைவிட இளையவராக இருந்தால், உங்கள் சொல்லுக்கு அதன் பிறகு மதிப்பு இல்லை.

மெயிலை அனுப்பும் முன் நேர்காணல் குறிப்புகளை எடுத்து ஒருமுறை பாருங்கள். அங்கே எழுதியிருப்பதும் மெயிலில் சொல்லும் காரணமும் ஒன்றாக இருக்கிறதா? இல்லையென்றால் இரண்டில் ஏதோ ஒன்று பொய். பல நாடுகளில் தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் பதிவுகளைக் கேட்டு வாங்க விண்ணப்பித்தவருக்கு உரிமை உண்டு. ஒரு தேர்வு எழுதியவரின் விடைகளும், அவற்றின் மீது திருத்தியவர் எழுதிய குறிப்புகளும்கூட அவருடைய சொந்தத் தரவுதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அதனால், அவர் கண்ணில் படக்கூடாத ஒன்றைக் குறிப்பிலும் எழுதாமல் இருப்பதுதான் நல்லது.

சில காரணங்களை எழுதவே கூடாது. "எங்கள் குழுவின் சூழலுக்குப் பொருந்தவில்லை" என்றால் என்ன அர்த்தம் என்று எழுதியவருக்கே தெரியாது. படிப்பவர் தன் சாதி, மதம், நிறம், வயது, உச்சரிப்பு என்று எதை வேண்டுமானாலும் அதில் நிரப்பிக்கொள்வார். "உங்கள் தகுதி இந்த வேலைக்கு அதிகம்" என்பதை வயதானவர் என்று சொல்வதாகவே பலர் எடுத்துக்கொள்வார்கள். வயது, குழந்தை, திருமணம், உடல்நிலை ஆகியவை உண்மையிலேயே முடிவில் பங்கு வகித்திருந்தால், திருத்த வேண்டியது மெயிலை அல்ல, முடிவை. அப்புறம், தேர்ந்தெடுக்கப்பட்டவரைப் பற்றி அந்த ஒரு அனுபவத்துக்கு மேல் எதுவும் சொல்லாதீர்கள். அவர் எங்கே வேலை பார்த்தார், எவ்வளவு படித்தார் என்பதெல்லாம் அவருடைய விஷயம்.

இன்னொரு சிக்கலும் வரும். சில சமயம் உண்மையான காரணம் என்று ஒன்று இருக்காது. இரண்டு பேரும் சமம், மூன்று பேரில் இருவர் அந்தப் பக்கம் கை தூக்கினார்கள், அவ்வளவுதான். அப்போது ஒரு குறையைக் கண்டுபிடித்து எழுதாதீர்கள். "இருவரும் மிக நெருக்கமாக இருந்தீர்கள். நீங்கள் வேறு மாதிரி செய்திருக்க வேண்டும் என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை" என்று எழுதலாம். அது உண்மையாக இருக்கும்போது மட்டும்.

போனில் சொல்வதுதான் மரியாதை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைசிச் சுற்றுக்குப் பிறகு உங்கள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே நல்ல செய்தி என்றுதான் எடுப்பார். அவர் அப்போது அலுவலகத்தில், சக ஊழியர்களுக்கு நடுவில் இருக்கலாம். செய்தியைக் கேட்ட அந்த நொடியிலேயே "பரவாயில்லை, நன்றி" என்று குரல் நடுங்காமல் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு. மெயில் என்றால் தனியாகப் படித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, வேண்டுமானால் பேசலாம். ஆகவே முதலில் மெயில், பேச்சு அவர் விருப்பம். விதிவிலக்கு, அவர் உங்கள் நிறுவனத்திலேயே வேலை பார்ப்பவர் என்றால். அப்போது நேரில், தனியாக, மற்றவர்களுக்கு அறிவிப்பதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். யாராவது ஊழியர் சிபாரிசு செய்தவர் என்றாலும் முதலில் தெரிய வேண்டியது அவருக்குத்தான், சிபாரிசு செய்தவருக்கு அல்ல.

மெயில் உங்கள் பெயரில், பதில் எழுதக்கூடிய முகவரியிலிருந்து போகட்டும். அதை அனுப்பும் முன் ஹெச்.ஆரிடம் ஒன்று கேளுங்கள்: விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருளில் அவர் பெயருக்கு எதிரே "நிராகரிக்கப்பட்டது" என்று குறித்ததும் டெம்ப்ளேட் தானாகப் போய்விடுமா? பல மென்பொருள்களில் அப்படி ஓர் அமைப்பு இருக்கும். நீங்கள் சொல் சொல்லாகப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போதே "ஏராளமான விண்ணப்பங்கள்" மெயில் அவர் போனில் போய் விழுந்துவிடும். எனக்கே ஒருமுறை இப்படி நடந்தது. பத்து நிமிடம் கழித்து நான் எழுதிய மெயில் போனபோது அதற்கு அர்த்தமே இல்லாமல் போயிருந்தது. தானாக அனுப்பும் அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, உங்கள் மெயில் போன பிறகு 'நிராகரிக்கப்பட்டது' என்று குறிக்கச் சொல்லுங்கள். பழைய மெயிலை நகலெடுத்து மாற்றி எழுதுவதானால் பெயரை இரண்டு முறை சரிபாருங்கள். வேறொருவர் பெயரோடு போகும் மறுப்பை எதைச் சொல்லியும் சமாளிக்க முடியாது.

பதில்கள் வரும். "நன்றி" என்று வந்தால் ஒரு வரி எழுதுங்கள், போதும். கோபமாக வந்தால், "நீங்கள் சொன்னதைப் படித்தேன். ஏமாற்றம் புரிகிறது. முடிவில் மாற்றமில்லை" என்று ஒரே ஒரு முறை. வாதத்துக்குள் போகாதீர்கள். பெரும்பாலும் வருவது மூன்றாவது வகை: "நான் என்ன செய்திருந்தால் கிடைத்திருக்கும்?" இதற்கு நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். நம் நிலவரத்தில் இப்படிச் சொல்லலாம்: "மென்பொருள் மாற்றம் பற்றிக் கேட்டபோது, பழைய பாக்கிகளை எந்தத் தேதியில் வெட்டி, எப்படிப் புதியதில் ஏற்றுவீர்கள் என்பதைப் பொதுவாகச் சொன்னீர்கள். சரிபார்ப்பது எப்படி என்று போகவில்லை. இரண்டு அமைப்பையும் ஒரு மாதம் இணையாக ஓட்டி ஒப்பிடும் வேலையில் ஒருமுறை பங்கெடுத்திருந்தால் அந்தப் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்." அடுத்த நேர்காணலுக்கு அவர் கையில் எடுத்துப்போக இதில் ஏதோ இருக்கிறது. "தன்னம்பிக்கை குறைவு" என்ற மாதிரி குணத்தைப் பற்றிய வார்த்தைகளில் எதுவும் இல்லை.

தேர்ந்தெடுத்தவர் வராமல் போவதும் உண்டு. சில வருடம் முன்பு, ஆஃபரில் கையெழுத்துப் போட்ட ஒருவர் சேர வேண்டிய நாளில் வரவில்லை. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் இரண்டாமவருக்கு ஏற்கெனவே "எங்கள் தேவைக்கு நீங்கள் பொருந்தவில்லை" என்று மெயில் போயிருந்தது. அவரை அழைத்துப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று வாரத்தில் தேவை எப்படி மாறிவிட்டது என்று அவர் கேட்டார், என்னிடம் பதில் இல்லை. அவர் வரவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தால், புது மெயில் தொடங்காமல் இந்த மெயிலுக்குக் கீழேயே எழுதுங்கள்: "தேர்ந்தெடுத்தவர் சேரவில்லை. மென்பொருள் மாற்றத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை ஆறு மாதத்துக்கு வைத்துக்கொள்வதாக இருக்கிறோம். மற்றபடி வேலை அதேதான். உங்களுக்கு இன்னும் விருப்பம் இருக்கிறதா?"